பல்பர் வீட்டுப் பயிற்சிக் குறிப்பு: மேஸ்திரி பொறுப்பு மாற்றம், முதல் அமர்வு

நாள்: 2024 டிசம்பர் 7, சனிக்கிழமை. காலை 8 முதல் மாலை 3.30 வரை.
இடம்: ஏற்காடு, நாகலூர் பக்கக் காப்பித் தோட்டத்தின் பல்பர் வீடு, காயவைக்கும் களம்.
சொல்லிக்கொடுத்தவர்: டிசம்பர் 31-இல் ஓய்வு பெறும் மேஸ்திரி.
கற்றுக்கொண்டவர்கள்: பொறுப்பேற்கப் போகும் தம்பி, அவருக்குத் துணையாகக் களத்தைப் பார்க்கப் போகும் அக்கா.
குறிப்பு எழுதியது: தோட்ட ரைட்டர்.

சொல்லிக்கொடுத்தவை

பழம் வாங்குவது: அன்று பறித்த அரபிகா காப்பிப் பழத்தை அன்றே தோல் உரிக்கும் பல்பரில் போட்டுவிட வேண்டும். மூட்டையில் ஒரு ராத்திரி கிடந்தால் உள்ளேயே சூடேறிப் புளித்துவிடும். முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்ட வேண்டும். மிதப்பதை அள்ளித் தோலோடு தனியாகக் காயவைக்க வேண்டும். பச்சைக் காயும் பல்பருக்குப் போகக் கூடாது. பொறுக்கிக் கொடுக்கச் சொல்லி எடை போடும் இடத்திலேயே திருப்பி அனுப்பலாம், "சங்கடப்படாதே" என்றார் மேஸ்திரி.

பல்பர் இடைவெளி: இறுக்கமாக இருந்தால் கொட்டை வெட்டுப்படும். தளர்வாக இருந்தால் பழம் தோல் உரியாமல் வெளியே வரும். சீசனின் தொடக்கத்தில் வைத்த அளவு கடைசி வரை சரிவராது, பழத்தின் பருமன் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் தினமும் முதல் கூடை ஓடியதும் இரண்டு கை கொட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கூடை. திருகைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து ஃபியூஸைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மூன்று தடவை சொன்னார்.

புளிக்கவைப்பது: அமர்வில் பாதி நேரம் இதற்கே போனது, போகவும் வேண்டும். தோல் உரித்த கொட்டையின் வழவழப்பு நீங்க 24 முதல் 36 மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மேலே பனி இறங்கும் நாட்களில் அது நீளும். வியாழன் மாலை 6 மணிக்கு நிரப்பிய தொட்டி இன்று காலை 8 மணிக்கு, அதாவது 38 மணி நேரத்தில்தான் பதத்துக்கு வந்தது. வெள்ளி மாலை 5 மணித் தொட்டி மதியம் 3 மணிக்கும் வழவழவென்றே இருந்தது. இரண்டிலும் இருவரையும் கைவிட்டுப் பார்க்க வைத்தார். பதம் வந்த கொட்டையைத் தண்ணீரில் கசக்கினால் சரளைக்கல்லைத் தேய்த்தது போல் சொரசொரவென்று சத்தம் வரும். குவியலில் குச்சியைச் செருகி எடுத்தால் குழி மூடாமல் நிற்கும். பதம் தப்பிவிட்டால் கெட்ட வாடை வரும், அப்புறம் எத்தனை கழுவினாலும் போகாது. மணியைப் பார்க்காதீர்கள் என்று அவர் சொன்னாலும், நிரப்பிய நேரத்தைச் சுவரில் சாக்கட்டியால் எழுதுவது தொடரட்டும்.

கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகக் கூடாது. சுண்ணாம்பு போடும் குழிக்கு மட்டுமே வாய்க்கால் திறந்திருக்க வேண்டும்.

களம்: முதல் நாள் கம்பிவலை மேசையில் வடியவிட்டு, பிறகு களத்தில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிட வேண்டும். உச்சி வெயிலில் ஒரேயடியாகக் காய்ந்தால் கொட்டையை மூடியிருக்கும் பார்ச்மென்ட் தோல் வெடிக்கும். மாலை 4 மணிக்குள் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். ஈரம் 10 சதவீதத்துக்கு வந்தால் மூட்டை பிடிக்கலாம். மேஸ்திரி கடித்துப் பார்த்தே சொல்லிவிடுகிறார். புதியவர்கள் மீட்டரையே நம்புங்கள்.

கொடுத்தவை

மேஸ்திரியின் இரண்டு நோட்டுகளின் ஜெராக்ஸ். பல்பர் திருகு அமைப்பது, தொட்டிப் பதம் பார்ப்பது ஆகியவற்றின் செல்போன் வீடியோக்கள் (தோட்ட வாட்ஸ்அப் குழுவில் உள்ளன). ஈரப்பத மீட்டர், ஸ்பானர் பெட்டி, உதிரி பெல்ட் ஒன்று. சேலத்தில் உதிரி பாகம் வாங்கும் கடையின் நம்பர் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறது. ஸ்டோர் சாவி இன்னும் மேஸ்திரியிடமே உள்ளது.

பழகி வர வேண்டியவை

தம்பி: வெள்ளி மாலைத் தொட்டியை இன்று இரவு முழுக்க மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, தொட்டதும் என்ன தெரிந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். பதம் வந்துவிட்டது என்று தோன்றினால் மேஸ்திரியைக் கூப்பிட்ட பிறகே தண்ணீர் திறக்க வேண்டும். திங்கள் முதல் பல்பர் இடைவெளியை அவரே அமைப்பார், மேஸ்திரி பக்கத்தில் நிற்பார், வாய் திறக்க மாட்டார்.

அக்கா: மூன்று குவியல்களில் தினமும் காலை ஒரே நேரத்தில் மீட்டர் வைத்து எழுத வேண்டும். வாங்கிய பழம், மூட்டை பிடித்த எடை இரண்டையும் ஒப்பிட வேண்டும். 100 கிலோ பழத்துக்கு, அந்தத் தோலோடு காய்ந்த கொட்டையான பார்ச்மென்ட் ஏறத்தாழ 20 கிலோ வரும். ரொம்பக் குறைந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

பாக்கி

பல்பர் தட்டு மாற்றுவது இன்று பார்க்கவில்லை, நேரம் போதவில்லை. மழை பிடித்துக்கொண்டால் களத்தை எப்படிச் சமாளிப்பது என்று அக்கா கேட்டதற்கும் முழுப் பதில் வரவில்லை. இரண்டும் அடுத்த அமர்வில்: டிசம்பர் 14, சனி, காலை 8 மணி. ஸ்டோர் சாவியும் அன்றே கைமாறும்.