ஊதிய நிலுவை கோரும் மனு

மதிப்பிற்குரிய நிறுவனக் கலைப்பு அலுவலர் அவர்களுக்கு,

மூடப்பட்ட நிறுவனத்தின் கிடங்குப் பிரிவில் கணக்காளராகப் பணியாற்றிய எனக்கு, கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய 3 மாதச் சம்பளம் 96,000 ரூபாயும், எடுக்காத 30 நாள் விடுப்புக்கான 32,000 ரூபாயும் தரப்படவில்லை.

அதற்கு முந்தைய 4 மாதங்களில் என் சம்பளத்திலிருந்து பிடித்த சேமநிதி 15,360 ரூபாய் என் கணக்கில் செலுத்தப்படவே இல்லை. அது என் பணமேயன்றி நிறுவனத்தின் சொத்தன்று என்பதால், மற்றக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் தொகையில் அதைச் சேர்க்கக்கூடாது என்று உறுதியாக வலியுறுத்துகிறேன்.

மொத்தம் 1,43,360 ரூபாய்க்கான என் கோரிக்கையைப் பதிவுசெய்து, ஏற்கப்பட்ட தொகையை எழுத்துமூலம் தெரிவிக்கவும், ஏதேனும் பகுதியை மறுத்தால் அதற்கான காரணத்தைக் குறிப்பிடவும் வேண்டுகிறேன். நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
முன்னாள் கிடங்குக் கணக்காளர்,
பணியாளர் எண் 217