500 கேவிஏ, 11 கேவி / 433 வோல்ட் மின்மாற்றி கொள்முதல்: தொழில்நுட்ப அட்டவணை

1. எதற்காக, எங்கே

அவிநாசி அருகே உள்ள எங்கள் நூற்பாலைக்கு ஒரு மின்மாற்றி வாங்குகிறோம். திறந்தவெளி யார்டில், ஏற்கனவே ஓடும் 500 கேவிஏ மின்மாற்றிக்குப் பக்கத்தில் வைக்கப்படும். பஸ் கப்ளர் மூடும்போது இரண்டும் இணையாக ஓட வேண்டும். இந்த அட்டவணையின் பாதி நிபந்தனைகள் இந்த ஒரு காரணத்தால் வந்தவை. ஒப்பந்தப்புள்ளி தருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்கவும்.

ஆலை 24 மணி நேரமும் ஓடும். விரிவாக்கத்துக்குப் பிறகு இரண்டு மின்மாற்றிகளின் மொத்த உச்சச் சுமை 950 கேவிஏ. ரிங் பிரேம்கள் இன்வெர்ட்டர் டிரைவில் ஓடுவதால் எல்டி மின்னோட்டத்தில் சுமார் 12% ஹார்மோனிக்ஸ் இருக்கும். இதைக் கணக்கில் எடுத்தே காயிலை வடிவமைக்க வேண்டும். இடத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்குக் கீழே. சுற்றுப்புற வெப்பநிலை உச்சம் 50 டிகிரி செல்சியஸ், நாள் சராசரி 40, ஆண்டுச் சராசரி 32 என்று கொள்ளவும்.

மின்மாற்றி ஐஎஸ் 1180 பகுதி 1, ஐஎஸ் 2026 ஆகியவற்றின்படி இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரையும் எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர முத்திரையும் கட்டாயம்.

2. திறனும் மின்னழுத்தமும்

மூன்று கட்டம், 50 ஹெர்ட்ஸ், தொடர்ச்சுமை 500 கேவிஏ. எச்டி 11,000 வோல்ட், 26.2 ஆம்பியர், எல்டி 433 வோல்ட், 667 ஆம்பியர். வெக்டர் குரூப் டிஒய்என் 11. இதில் மாற்றம் ஏற்கப்படாது, இணை ஓட்டமே நடக்காது.

டேப் சுவிட்ச் எச்டி பக்கம், சப்ளையை நிறுத்தி மாற்றும் வகை. +5% முதல் −10% வரை, 2.5% படிகளில், 7 நிலைகள். பழைய மின்மாற்றியிலும் இதே ஏழு நிலைகள்தான். நிலை எண்களின் வரிசையும் அதையே பின்பற்ற வேண்டும். ஒன்றில் 3ஆம் நிலை, மற்றதில் வேறு எண் என்றால் இரவு ஷிப்டில் யாராவது தவறாக மாற்றிவிடுவார்கள்.

இரண்டு பக்கமும் செம்புச் சுருள்கள். நியூட்ரல் முழு அளவு, எர்த்திங்குக்கு ஒரு தனி புஷ்ஷிங் கூடுதலாக. காப்பு நிலை: எச்டிக்கு இம்பல்ஸ் 95 கேவி உச்சம், ஒரு நிமிடம் 28 கேவி; எல்டிக்கு ஒரு நிமிடம் 3 கேவி. இயல்பு மின்னழுத்தத்தில் கோரின் காந்தப்பாய அடர்த்தி 1.69 டெஸ்லாவைத் தாண்டக்கூடாது.

3. இம்பிடன்ஸ்

பெயரளவு 4.5%, 75 டிகிரியில். தர நிர்ணயம் 10% கூட்டல் கழித்தலை அனுமதிக்கிறது. எங்களுக்கு அது போதாது. பழைய மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் இருப்பது 4.62%. புதியது 4.05%இல் வந்தால் மொத்தச் சுமையில் 53.3% அதன் தலையில் விழும். 950 கேவிஏ ஓடும்போது அது 506 கேவிஏ, அதாவது புதியது மட்டும் மிகைச்சுமையில். எனவே முதன்மை டேப்பில் அளந்த இம்பிடன்ஸ் 4.4%க்கும் 4.8%க்கும் இடையே இருக்க வேண்டும். 4.4% என்றாலும் பங்கு 487 கேவிஏ, தாங்கும்.

கீழ் எல்லைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டும் இணையாக இருக்கும்போது எல்டி பஸ்பாரில் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம், எச்டி சப்ளையை வரம்பற்றதாகக் கொண்டால், 4.4%இல் ஏறக்குறைய 29.6 கிலோ ஆம்பியர். எங்கள் பேனல் தாங்குவது 35. மோட்டார்கள் திருப்பி ஊட்டுவதற்கும் இடம் வேண்டும் என்பதால் இதற்குக் கீழே போக மாட்டோம்.

விகிதப் பிழை எல்லா டேப்பிலும் ±0.5%க்குள். இல்லையென்றால் சுமையே இல்லாதபோதும் இரண்டுக்கும் நடுவே மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

4. குளிர்விப்பு

ஓனான் மட்டும், விசிறி வைத்து 500 கேவிஏ கணக்குக் காட்டக்கூடாது. முழுச்சுமையில் வெப்ப உயர்வு மேல் ஆயிலில் 35 டிகிரி, சுருளில் 40 டிகிரிக்கு மேல் போகக்கூடாது.

ரேடியேட்டர் பிரஸ்டு ஸ்டீல் வகை, கழற்றிக் கழுவக்கூடியது, பட்டாம்பூச்சி வால்வுகளுடன். நெளிவுத் தகடு டேங்க் வேண்டாம். புளோ ரூம் பக்கமிருந்து வரும் பஞ்சுத் தூசி அந்த நெளிவுகளில் அடைந்துவிட்டால் சுத்தம் செய்வது பெரிய வேலை. ஆயில் ஐஎஸ் 335இன்படி புதியது. நிரப்பிய பின் எடுத்த மாதிரியில் 2.5 மிமீ இடைவெளியில் 50 கேவிக்குக் குறையாமல் தாங்க வேண்டும். கன்சர்வேட்டர், சிலிகா ஜெல் பிரீதர், அலாரம் மற்றும் டிரிப் தொடர்புகள் உள்ள ஆயில் வெப்பமானி, அழுத்த விடுவிப்பு வால்வு ஆகியவை விலையில் அடக்கம். எச்டிக்கும் எல்டிக்கும் மூடிய கேபிள் பெட்டிகள்.

5. இழப்புகள்

75 டிகிரியில் மொத்த இழப்பு 50% சுமையில் 1,430 வாட், 100% சுமையில் 4,100 வாட். இவை உச்ச வரம்புகள். கூடுதல் சகிப்பு எதுவும் இல்லை, ஒரு வாட் தாண்டினாலும் மின்மாற்றி நிராகரிக்கப்படும். இயல்பு மின்னழுத்தத்தில் வெற்றுச்சுமை மின்னோட்டம் 2%க்குள்.

இந்த வரம்புக்குள் வருபவர்களில் யாருடையது மலிவு என்பதை வெறும் விலையை வைத்து முடிவு செய்ய மாட்டோம். வெற்றுச்சுமை இழப்பையும் சுமை இழப்பையும் தனித்தனியாக உத்தரவாதம் தர வேண்டும். ஒப்பீடு இப்படி:

மதிப்பீட்டு விலை = விலை + 636 × வெற்றுச்சுமை இழப்பு + 343 × சுமை இழப்பு

விலை ரூபாயில், இழப்பு வாட்டில். யூனிட்டுக்கு ரூ.8, 25 ஆண்டு, 10% வட்டி என்ற எங்கள் கணக்கில் வந்த எண்கள் இவை. வெற்றுச்சுமை இழப்புக்கு ஆண்டின் 8,760 மணி நேரமும், சுமை இழப்புக்கு 75% சராசரிச் சுமையில் 8,400 மணி நேரமும் எடுத்திருக்கிறோம். கோர் எஃகில் 60 வாட் மிச்சம் பிடித்துத் தருபவர் ரூ.38,160 வரை அதிக விலை கேட்டாலும் எங்களுக்கு நட்டமில்லை என்று பொருள். நல்ல கோருக்குச் செலவு செய்ய இது இடம் தரும்.

சோதனையில் அளந்த இழப்பு உத்தரவாதத்தைத் தாண்டி, ஆனால் உச்ச வரம்புக்குள் இருந்தால், தாண்டிய ஒவ்வொரு வாட்டுக்கும் மேலே உள்ள தொகையின் இரண்டு மடங்கு பில்லில் கழிக்கப்படும். குறைவாக வந்தால் ஊக்கத்தொகை கிடையாது.

6. சோதனைகள்

வழமைச் சோதனைகள் அனைத்தும் உற்பத்தியாளர் ஆலையில், எங்கள் பொறியாளர் முன்னிலையில் நடக்கும்: சுருள் மின்தடை, எல்லா டேப்பிலும் விகிதம், வெக்டர் குரூப், இம்பிடன்ஸும் சுமை இழப்பும், வெற்றுச்சுமை இழப்பும் மின்னோட்டமும், காப்பு மின்தடை, தனி மூல மின்னழுத்தம், இரு மடங்கு தூண்டு மின்னழுத்தம், ஆயில் கசிவு. வெற்றுச்சுமை அளவீட்டை 112.5% மின்னழுத்தத்திலும் எடுக்க வேண்டும். அங்கே மின்னோட்டம் 4%க்கு மேல் போனால் ஏற்க மாட்டோம்.

வெப்ப உயர்வுச் சோதனை இந்த மின்மாற்றியிலேயே செய்யப்பட வேண்டும், பழைய அறிக்கை போதாது. அதன் செலவை விலைப்பட்டியலில் தனி வரியாகக் காட்டவும். இம்பல்ஸ், ஷார்ட் சர்க்யூட் ஆகிய இரண்டுக்கும், இதே வடிவமைப்பில் கடந்த 5 ஆண்டுகளுக்குள் சிபிஆர்ஐ அல்லது என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் தந்த அறிக்கை ஏற்கப்படும். வடிவமைப்பு வரைபடமும் அறிக்கையோடு வர வேண்டும். வரைபடம் இல்லாத அறிக்கை எந்த மின்மாற்றியைச் சொல்கிறது என்று தெரியாது.

சோதனைக்கு 10 நாள் முன்னறிவிப்பு தரவும். மீட்டர்கள், சிடி, பிடி ஆகியவற்றின் அளவுத்திருத்தச் சான்றிதழ்கள் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். பொறியாளர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.

7. ஆவணங்களும் உத்தரவாதமும்

ஆர்டர் கிடைத்த 15 நாளில் அமைப்பு வரைபடமும் பெயர்ப்பலகை வரைபடமும் ஒப்புதலுக்கு வர வேண்டும். ஒப்புதலுக்கு முன் டேங்க் வெட்டக்கூடாது. பெயர்ப்பலகையில் அளந்த இம்பிடன்ஸைப் பொறிக்கவும், 4.5% என்ற பெயரளவை அல்ல. மின் ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தர சோதனை அறிக்கைகள் நான்கு பிரதிகள், கையொப்பத்துடன்.

ஆயிலுடன் சேர்த்து, இடத்தில் இறக்கி வைப்பது வரை உற்பத்தியாளர் பொறுப்பு. சார்ஜ் செய்த நாளிலிருந்து 36 மாதம் உத்தரவாதம். அந்தக் காலத்தில் பழுதானால் எடுத்துச் சென்று சரிசெய்து திரும்ப வைக்கும் போக்குவரத்துச் செலவும் அதில் அடக்கம். பழுது பார்த்த பின் 6ஆம் பிரிவின் வழமைச் சோதனைகள் அனைத்தும் மீண்டும் நடத்தப்படும்.