தாழம்பூ 48

புது போன் வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி கதிரைக் கூப்பிட்டார்.

"ரூட்டருக்கு அடியிலேயே ஒட்டியிருப்பாங்க பாட்டி," என்று கதிர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். ஸ்டிக்கரில் இருந்ததை அடித்தான். தவறு என்றது போன்.

"அதை ரூட்டர் மாட்ட வந்த பையன் அன்னைக்கே மாத்திட்டான். பாட்டிக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்கன்னான். சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"அதுதான் மறந்துபோச்சு. ஆனா எழுதி வச்சேன்."

அலமாரியைக் குடைந்து, பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்தார்கள். முத்து முத்தான கையெழுத்து: வைஃபை, தாழம்பூ 48. வீட்டுக் கதவு எண் 48.

கதிர் தலையைச் சொறிந்தான். "இதை இங்கிலீஷ்ல எப்படி அடிச்சார் பாட்டி?"

"தாழம்பூன்னுதான்."

ஆளாளுக்கு ஒரு தாழம்பூ. thazhampoo48 போட்டான், இல்லை. Thaazhampoo48, அதுவும் இல்லை. ழ-வுக்கு zh போடுகிறவர்கள் உண்டு, l போடுகிறவர்கள் உண்டு. பூவை poo என்றும் எழுதலாம், pu, bu என்றும் எழுதலாம். நடுவில் இடைவெளி விட்டாரோ என்னவோ.

"ரூட்டர் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கே, குண்டூசியால குத்தினா சரியாயிடும்னாங்களே?"

"வேண்டாம் பாட்டி! எல்லாமே அழிஞ்சிடும். அப்புறம் நெட்டே வராம போகலாம், கம்பெனியிலேருந்து ஆள் வரணும்." குண்டூசியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பாட்டியை நம்ப முடியாது.

அப்போதுதான் ஜன்னலோரத்தில் டேப்லெட் தானாகப் பாடிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"இதுல நெட் வருதா?"

"அதுல எப்பவும் வருமே. பழசு."

கதிர் செட்டிங்ஸில் வைஃபை பெயரைத் தொட்டு 'பகிர்' என்பதை அழுத்தினான். பூட்டு எண் கேட்டது. பாட்டி அவனைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே போட்டார். திரையில் கியூஆர் கோடு வந்தது. புது போனால் அதை ஸ்கேன் செய்ததும் நெட் வந்துவிட்டது. வேலை முடிந்ததுதான், ஆனால் கோடுக்குக் கீழே பொடி எழுத்தில் பாஸ்வேர்டும் இருந்தது: thalambu48

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தலம்பு? என்னடா இது? முப்பது வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவ வீட்டுல தலம்புவா?"

"பாஸ்வேர்டுதானே பாட்டி. யாரு பார்க்கப்போறா?"

"நான் பார்த்துட்டேனே. மாத்து."

"மாத்தினா டேப்லெட், டிவி எல்லாத்துலயும் திரும்பப் போடணும்."

"போடேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே? ழ-வுக்கு என்ன எழுத்துன்னு சொன்னே, zh-ஆ? அதையே வை. இப்போ மகளுக்குப் போன் போட்டுக் குடு, அந்தப் பையன் பண்ணின காரியத்தைச் சொல்லணும்."