நீயே செஞ்சு பாரு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, பிரிவு உபசார விழாவில் அறிவியல் டீச்சருக்காகப் பாடுவது. கும்மி மெட்டு. டெஸ்க்கைத் தட்டினால் போதும், மேளம் வேண்டாம்.)

பல்லவி (எல்லோரும்)
நன்றி டீச்சர் நன்றி டீச்சர் நாங்க பாடுறோம் – நீங்க
நடத்தினதை நெனச்சு நெனச்சு கும்மி போடுறோம்
கேட்ட கேள்வி ஒன்னுக்குமே விடையச் சொல்லாம
“நீயே செஞ்சு பாரு”ன்னீங்க, செஞ்சு பாத்துட்டோம்!

சரணம் 1 (பெண்கள்)
மஞ்சத்தூளைக் குழைச்செடுத்துத் தாளில் பூசினோம் – அதை
மத்தியான வெயிலில் வச்சு விசிறி வீசினோம்
சோப்புத்தண்ணி பட்டதுமே செவந்து போச்சுது – ஒரு
சொட்டு எலுமிச் சாறு விட்டா மஞ்சள் ஆச்சுது
“மந்திரமா டீச்சர்?”னோம், நீங்க மொறைச்சீங்க – உடனே
“அமிலம் எது, காரம் எது?”ன்னு மடக்கினீங்க

(பல்லவி)

சரணம் 2 (ஆண்கள்)
சத்துணவுச் சோத்து மேல அயோடின் விட்டோமே – அது
சட்டுனுதான் நீலக்கறுப்பா மாறக் கண்டோமே
“மிச்சச் சோத்தைத் திங்கலாமா?” கடைசி பெஞ்சு கேக்க – நாங்க
வெடிச்சுச் சிரிச்ச சத்தத்துல எச்.எம். வந்து பாக்க
“பாடம்தான் சார் நடக்குது”ன்னு பவ்யமா சொன்னீங்க – அவர்
படியெறங்கிப் போனதுமே நீங்க சிரிச்சீங்க

பேச்சு (தட்டுவதை நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும்)
டீச்சர், ரெக்கார்டு நோட்டு வாங்காதவங்க யாருன்னு ஒருநாளும் நீங்க எழுப்பி நிக்க வச்சுக் கேட்டதில்ல. லேப் பீரோ மேல நாலஞ்சு நோட்டு எப்பவும் இருக்கும். பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பேர் மட்டும் எழுதாம. வேணுங்கிறவங்க எடுத்துக்குவோம். எடுத்தது யாருன்னு இன்னி வரைக்கும் வகுப்புல யாருக்கும் தெரியாது. அவங்களும் இப்போ உங்க முன்னாடி நின்னு பாடிட்டுத்தான் இருக்காங்க.

சரணம் 3 (எல்லோரும், மெதுவாக)
கரண்டு போன வேளையெல்லாம் வேம்படிதான் வகுப்பு – அங்கே
கண்ணாடியும் தட்டுத் தண்ணியும் காட்டித் தந்த வியப்பு
சாய்ச்சு வச்ச கண்ணாடியில் வெயிலு வந்து விழுந்துச்சு – எதிர்ச்
சுண்ணாம்புச் செவுத்து மேல வானவில்லு எழுந்துச்சு
மனப்பாடம் பண்ணச் சொல்லி மெரட்டவே இல்ல – அந்த
ஊதா எங்க முடியுதுன்னு சண்டையே தொல்ல!

சரணம் 4 (வேகமாக)
செவப்புச் சாக்கு, நீலச் சாக்கு, இதயம் வரைஞ்சீங்க – நாங்க
திருப்பி வரைஞ்ச படத்தப் பாத்து அசந்து நின்னீங்க
“கத்திரிக்கா யாருது இது? நாலறை எங்கே?”ன்னு – கேட்டுக்
கைபிடிச்சு வரைய வச்சீங்க மெல்ல மெல்ல நின்னு
காமர்ஸ் குரூப்பு போறவங்களும் கூடத்தான் பாடுறோம் – டீச்சர்
கோச்சுக்காதீங்க, பேலன்ஸ் ஷீட்டையும் செஞ்சு பாக்கறோம்
மார்க் ஷீட்டு வாங்க வந்தா லேப் சாவி தாங்க – அந்த
மைக்ராஸ்கோப்பில் வெங்காயத்தோல் பாக்க விட்டுப்போச்சுங்க!