பரண்: டேப்களை மூட, தேட, மீட்க

பெயர்
பரண்: டேப்களை மூட, தேட, மீட்க

சுருக்கம்
திறந்து கிடக்கும் டேப்களை மூடிவைத்துத் தேவைப்படும்போது எடுங்கள். தமிழ்த் தலைப்பிலும் தேடலாம். கணக்கு வேண்டாம், விளம்பரம் இல்லை.

விரிவான விளக்கம்

டேப்பை மூட மனம் வராததற்குக் காரணம் சோம்பல் இல்லை. மூடினால் திரும்பக் கிடைக்காதோ என்ற பயம்தான். அந்தப் பயத்தைப் போக்கத்தான் பரண் என்ற இந்தக் குரோம் எக்ஸ்டென்ஷன். இப்போது வேண்டாம், ஆனால் தூக்கிப் போடவும் முடியாது என்கிற டேப்களை மொத்தமாகக் கட்டி மேலே ஏற்றிவிடலாம். வேண்டும்போது பெயரைத் தட்டி இறக்கிக்கொள்ளலாம்.

பொறியியல் கலந்தாய்வு நேரத்தில் ஒரு வீட்டுக் கணினியைப் பாருங்கள். ஏழெட்டுக் கல்லூரித் தளங்கள், போன வருடக் கட்-ஆஃப் பிடிஎஃப் இரண்டு மூன்று, விடுதிக் கட்டணப் பக்கம், கூகுள் மேப், நடுவில் அப்பாவின் வங்கிக் கணக்கு, தங்கை பாதியில் நிறுத்திய யூடியூப் வீடியோ. மேலே டேப் பட்டையில் தலைப்பே தெரியாது, சின்னச் சின்ன ஐகான்கள்தான் தெரியும். இந்த இடத்தில் கல்லூரி டேப்களை மட்டும் தேர்ந்தெடுத்து (Ctrl அழுத்தியபடி ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் போதும்) 'பரணில் ஏற்று' என்று கொடுங்கள். 'கோவை கல்லூரிகள்' என்று பெயர் வையுங்கள். டேப்கள் மூடிக்கொள்ளும், கட்டு பத்திரமாக இருக்கும். மறுநாள் 'இறக்கு' என்றால் அதே வரிசையில் திரும்பி வரும். டேப் குழுவாக இருந்திருந்தால் குழுவின் பெயரும் நிறமும்கூட அப்படியே வரும். நாற்பது டேப் உள்ள கட்டை இறக்கினாலும் கணினி திணறாது. ஐந்தைந்தாகத்தான் திறக்கும்.

எது திரும்ப வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டில் சேமிக்கப்படுவது பக்கத்தின் தலைப்பு, முகவரி, பின் செய்யப்பட்டதா என்ற விவரம், குழு ஆகியவை மட்டுமே. பக்கத்தில் எவ்வளவு தூரம் படித்திருந்தீர்கள், படிவத்தில் என்ன தட்டியிருந்தீர்கள், அந்த டேப்பின் 'பின்செல்' வரலாறு இவையெல்லாம் போய்விடும். லாகின் கேட்கும் தளம் மறுபடியும் லாகின் கேட்கக்கூடும். பாதி நிரப்பிய விண்ணப்பத்தைத் தயவுசெய்து பரணில் ஏற்றாதீர்கள்.

தேடல்

Alt+Shift+P அழுத்தினால் தேடல் பெட்டி வரும். எத்தனை விண்டோ திறந்திருந்தாலும் எல்லா டேப்களிலும், பரணில் உள்ள எல்லாக் கட்டுகளிலும் ஒரே நேரத்தில் தேடும். என்டர் தட்டினால் அந்த டேப்புக்கே போய்விடலாம். இந்த விசைக்கூட்டு வேறு எதற்காவது பயன்பட்டால் chrome://extensions/shortcuts பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

குரோமிலேயே Ctrl+Shift+A என்றொரு டேப் தேடல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. பரணுக்குள் இருப்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். அதோடு, இந்தத் தேடல் பெட்டியைத் தமிழுக்காகவே கொஞ்சம் மெனக்கெட்டுச் செய்திருக்கிறேன்.

'கொடைக்கானல்' என்ற சொல்லில் 'கொ' கணினிக்குள் இரண்டு விதமாக இருக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக (U+0BCA) இருக்கலாம், அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக (U+0BC6, U+0BBE) இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். எந்த விசைப்பலகையில் தட்டினாலும் பரண் இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே தேடும். 'கௌரி' என்பதை 'கெளரி' என்று ளகரம் போட்டுத் தட்டுபவர்கள் நிறையப் பேர். இலக்கணப்படி அது பிழைதான், ஆனால் தேடுகிறவரைத் தண்டிப்பது என் வேலை இல்லை. இரண்டுக்கும் ஒரே விடை வரும்.

கட்டுகளை அகரவரிசையில் அடுக்கும்போதும் அகராதி வரிசைதான். யூனிகோடு எண்களின்படி அடுக்கினால் 'ஜல்லிக்கட்டு' போய்ச் சகரத்துக்கும் டகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். இங்கே கிரந்த எழுத்துகள் கடைசியில்தான் வரும்.

முகவரிகளையும் படிக்கும்படி காட்டும். தமிழ் விக்கிப்பீடியா முகவரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், %E0%AE%A4 என்று ரயில் பெட்டிபோல் நீண்டுகொண்டே போகும். பரண் பட்டியலில் அது தமிழாகவே தெரியும்.

இரட்டை டேப்கள்

ஒரே பக்கம் மூன்று முறை திறந்திருந்தால் ஐகானின் மேல் எண் தோன்றும். ஒரு சொடுக்கில் மிச்சத்தை மூடலாம். வாட்ஸ்அப்பிலிருந்து ஒன்று, மின்னஞ்சலிலிருந்து ஒன்று என்று வந்த ஒரே செய்திக்கட்டுரையின் முகவரியில் ?utm_source= என்ற வால் மட்டும் வேறாக இருக்கும். அந்த வாலைப் பொருட்படுத்தாமல் ஒப்பிடும். ஆனால் யூடியூப் முகவரியில் வரும் &t=120s போன்றதை வெட்டாது, வேண்டுமென்றேதான் குறிப்பிட்ட நொடியைத் திறந்து வைத்திருப்பீர்கள். எதையும் தானாக மூடாது. நீங்கள் சொன்னால்தான் மூடும்.

தூங்க வைப்பது

நினைவகம் குறைந்த கணினிக்கு இது. ஒரு டேப்பை 'தூங்க வை' என்றால் அது பட்டையிலேயே இருக்கும், ஆனால் நினைவகத்தை விட்டுவிடும். தொட்டால் மறுபடி ஏற்றப்படும். நேரம் குறித்துத் தானாகவும் செய்யலாம்: ஒரு மணி நேரம் தொடாத டேப்கள், குறிப்பிட்ட தளத்தின் டேப்கள் என்று. பின் செய்த டேப், ஒலி ஓடிக்கொண்டிருக்கும் டேப், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் டேப் ஆகிய மூன்றையும் தொடாது.

உண்மையைச் சொன்னால், குரோமிலேயே மெமரி சேவர் உண்டு. 2022 டிசம்பரில் அறிமுகமானது. அது உங்களுக்குப் போதும் என்றால் இந்தப் பகுதியை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். புதிதாக நிறுவும்போது இது அணைந்தேதான் இருக்கும்.

இதைப் போட்டுக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அனுமதியே பரணிடம் இல்லை. ஆகவே ஒரு படிவம் பாதி நிரம்பியிருக்கிறதா என்பதும் அதற்குத் தெரியாது. தேர்வு விண்ணப்பம், ரயில் டிக்கெட், வங்கி போன்ற தளங்களை 'விலக்கு' பட்டியலில் சேர்த்து வையுங்கள். தட்கல் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்குத் திறக்கிறது, 9.55-க்கு நீங்கள் வேறு டேப்பில் இருக்கும்போது ஐஆர்சிடிசி பக்கம் தூங்கிப்போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. irctc.co.in பட்டியலில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கிறது.

என்னென்ன அனுமதி, எதற்கு

நிறுவும்போது குரோம் 'Read your browsing history' என்று எச்சரிக்கும். பார்த்ததும் பலர் 'ரத்து' கொடுத்துவிடுகிறார்கள், கொடுக்கவும் வேண்டும், காரணம் தெரியாவிட்டால். காரணம் இது: திறந்திருக்கும் டேப்களின் தலைப்பையும் முகவரியையும் பார்க்க tabs என்ற அனுமதி வேண்டும். அதைக் கேட்கும் எந்த எக்ஸ்டென்ஷனுக்கும் குரோம் இதே வாசகத்தைத்தான் காட்டும். நீங்கள் முன்பு பார்த்த பக்கங்களின் பட்டியலைப் படிக்க history என்று வேறோர் அனுமதி உண்டு. பரண் அதைக் கேட்பதில்லை.

கேட்பவை நான்கே:
tabs: தலைப்பு, முகவரி பார்க்க
tabGroups: குழுவின் பெயர், நிறம் காக்க
storage: கட்டுகளைச் சேமிக்க
alarms: தூங்க வைக்கும் நேரத்தைக் கணக்கிட

எந்தத் தளத்தின் உள்ளடக்கத்தையும் படிக்கவோ மாற்றவோ அனுமதி இல்லாததால் உங்கள் கடவுச்சொல்லோ மின்னஞ்சலோ பரணின் கண்ணில் படாது. எந்த சர்வரோடும் பேசுவதில்லை. பயன்பாட்டுப் புள்ளிவிவரம் சேகரிப்பதும் இல்லை. மறைநிலை விண்டோவில் குரோம் எக்ஸ்டென்ஷன்களைத் தானாக அனுமதிக்காது. நீங்களே அனுமதித்தாலும் அங்குள்ள டேப்களைத் தேடலாம், பரணில் ஏற்ற முடியாது. அதைச் சேமித்தால் மறைநிலைக்கு அர்த்தமே இல்லை.

நிறுவல் நீக்கும் முன் இதைப் படியுங்கள்

எல்லாம் உங்கள் கணினியிலேயே, chrome.storage.local என்ற இடத்தில் இருக்கிறது. உலாவல் வரலாற்றையும் கேஷையும் துடைத்தாலும் கட்டுகள் போகாது. ஆனால் எக்ஸ்டென்ஷனை நீக்கினால் குரோம் அந்தச் சேமிப்பையும் சேர்த்தே அழித்துவிடும். என்னாலும் மீட்டுத் தர முடியாது, என்னிடம் பிரதியே கிடையாது. முதலில் அமைப்புகள் > ஏற்றுமதி போய் ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். JSON கோப்பு பரணிலேயே திரும்ப ஏற்ற. HTML கோப்பை எந்த பிரவுசரின் புக்மார்க் பட்டியலிலும் இறக்குமதி செய்யலாம். நாளைக்குப் பரண் பிடிக்காமல் போனாலும் உங்கள் சுட்டிகள் உங்களோடு வரும்.

வேறு கணினியோடு தானாக ஒத்திசைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். இப்போதைக்கு இல்லை. குரோம் அதற்காகத் தரும் இடம் மொத்தமே 102,400 பைட், ஓர் உருப்படிக்கு 8,192 பைட். UTF-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், அதுவே முகவரியில் % வடிவில் வந்தால் 9. நீளத் தலைப்புள்ள தமிழ்ப் பக்கங்கள் கொஞ்சம் சேர்ந்தாலே ஒரு கட்டு நிரம்பிவிடும். பாதி ஒத்திசைந்து மீதி விடுபடுவதைவிடக் கோப்பாக எடுத்துப் போவது மேல் என்பது என் எண்ணம்.

எதில் இயங்கும்

கணினியில் குரோம் 114 அல்லது அதற்குப் பிந்தையது. எட்ஜ், பிரேவ் இரண்டிலும் இதே பக்கத்திலிருந்து நிறுவலாம். ஆண்ட்ராய்டு குரோமில் இயங்காது. ஒரே கணினியில் அலுவலகத்துக்கொன்று, வீட்டுக்கொன்று என்று இரண்டு புரொஃபைல் வைத்திருந்தால் இரண்டிலும் தனித்தனியாக நிறுவ வேண்டும், கட்டுகளும் தனித்தனி.

இலவசம். பணம் கட்டித் திறக்கும் பகுதி எதுவும் இல்லை.

2.3 பதிப்பில் புதியவை

கட்டுக்குள் ஒரு டேப்பை மட்டும் இறக்கும் வசதி வந்திருக்கிறது. முன்பெல்லாம் மொத்தக் கட்டையும் இறக்கியாக வேண்டும். இறக்கிய பிறகு கட்டைப் பரணிலேயே வைத்திருக்கும் தேர்வும் சேர்ந்திருக்கிறது. கறுப்புப் பின்னணியில் எழுத்து மங்கலாகத் தெரிந்த கோளாறு சரி செய்யப்பட்டது.

கோளாறு இருந்தால்

மதிப்புரையில் எழுதுவதைவிட இந்தப் பக்கத்தின் 'ஆதரவு' பகுதியில் எழுதினால் எனக்குக் கைகொடுக்கும். chrome://version பக்கத்தின் முதல் வரியையும், கோளாறு வருவதற்கு முன் எதை அழுத்தினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திரைப்பிடிப்பு அனுப்பினால் உங்கள் டேப் தலைப்புகளை மறைத்துவிட்டு அனுப்புங்கள், அவை எனக்குத் தேவையில்லை.