உனக்கு என்ன வேண்டும், அப்பத்தா?

சார்ஜா
23.06.2024, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

பேரன் முத்துக்குமார் எழுதிக்கொண்டது. நான் இங்கே நல்ல சுகம். உன் சுகத்தையும் ஆட்டுக்குட்டிகளின் சுகத்தையும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நீ கேட்பாய். போனில் நீ எங்கே பேசவிடுகிறாய்? "சாப்டியாய்யா? ஒடம்பப் பாத்துக்க. காசு ஓடும், வையி" என்று மூன்று பேச்சோடு கயலிடம் கொடுத்துவிடுகிறாய். இங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, அதற்கென்று தனி ஆப் போட்டிருக்கிறேன், காசு ஓடாது என்று பத்துத் தடவை சொல்லியாயிற்று. நீ நம்பவில்லை. சரி, கடுதாசி என்றால் உட்கார்ந்து கேட்டுத்தானே ஆக வேண்டும்? பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது.

கயலு, இதை அவசரமில்லாமல் வாசி. அப்பத்தாவின் வலது காதுப் பக்கம் உட்கார்ந்துகொள். நடுவில் "ஆட்டைப் பிடிச்சுக் கட்டணும்" என்று எழுந்தால் விடாதே.

எங்கள் ரூமில் இருக்கும் செல்வம் அண்ணன் வருகிற வியாழக்கிழமை திருச்சிக்கு விமானம் ஏறுகிறார். அவருக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். அவர் கையில்தான் இந்தக் கடுதாசியும் ஒரு சின்னப் பையும் கொடுத்துவிடுகிறேன். பையில் கோடாலித் தைலம் 2 பாட்டில், பேரீச்சம்பழம் 1 கிலோ, ஒரு டார்ச் லைட். அவ்வளவுதான். 30 கிலோதான் ஏற்றலாம், அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், நிறையச் சுமத்த மனசு வரவில்லை.

ஆனால் பை சின்னதாக இருப்பதற்கு அது மட்டும் காரணமில்லை. போன தடவை நான் வந்தபோது என்னென்ன கொண்டுவந்தேன், நினைவிருக்கிறதா? ரோலா கடைத்தெருவில் ஒரு சாயங்காலம் முழுக்க அலைந்து, தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒரு கம்பளி வாங்கினேன். நீ அதைக் கவரைக்கூடப் பிரிக்காமல் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாய். மார்கழிப் பனியில் பழைய சேலையை நாலாக மடித்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாயாம், சித்திதான் சொன்னாள். கேட்டதற்கு, "யாராச்சும் விருந்தாளி வந்தா போத்தக் கொடுக்கணும்ல" என்றாயாம். நம் வீட்டுக்கு எந்த விருந்தாளி அப்பத்தா வருகிறார்? வந்தாலும் முதுகுளத்தூர் வெக்கையில் எவர் கம்பளி கேட்கப் போகிறார்? அந்தச் சென்ட் பாட்டில், சில்வர் பிளாஸ்க், செருப்பு எல்லாமே பெட்டிக்குள்தான். செருப்பு சிறிசாகப் போய்விட்டதை நீ சொல்லவே இல்லை. நான் உன் காலளவு தெரியாமல் வாங்கியது என் தப்பு.

அதனால்தான் இந்தத் தடவை வாங்குவதற்கு முன்னால் கேட்கிறேன். அப்பத்தா, உனக்கு என்ன வேண்டும்?

"எனக்கு என்னய்யா வேணும், நீ நல்லாருந்தாப் போதும்" என்று நீ சொல்வது இங்கேயே கேட்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு உன் கதைக்கு வருகிறேன்.

வேலை அதே ஏசி வேலைதான். இப்போது இங்கே நடுக்கோடை. ஆனாலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெளியில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த நேரம் கட்டடத்துக்குள் நிழலில் படுத்துவிடுவோம். ரூமில் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை சமையல் என் முறை. இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். நீ புளியை எப்போது ஊற்றுவாய் என்று தெரியாமல் முன்னாலேயே ஊற்றிவிட்டேன், கத்தரிக்காய் கடைசி வரை வேகவில்லை. எல்லாரும் திட்டிக்கொண்டே சட்டியைக் காலி பண்ணிவிட்டார்கள். போன ஞாயிறு பக்ரீத்துக்குப் பக்கத்து ரூம் கேரளாக்காரர்கள் பிரியாணி கொடுத்தார்கள். நீகூடப் பக்ரீத்துக்கு முன்னால் இரண்டு கிடாய் விற்றாய் என்று கேள்விப்பட்டேன். நல்ல விலைதானே? அந்தக் காசு எங்கே என்று கேட்கவில்லை. தங்கச்சி பிள்ளைக்குக் கொலுசாகப் போயிருக்கும்.

சித்திரையில் இங்கே பெய்த மழையை டிவியில் பார்த்துவிட்டு நீ இரண்டு நாள் சாப்பிடவில்லையாமே. அதைப் பற்றி நான் உன்னிடம் சரியாகச் சொல்லவே இல்லை. சித்திரை 3ஆம் தேதி பகலெல்லாம் அடித்து ஊற்றியது. 75 வருஷத்தில் இல்லாத மழை என்றார்கள். எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர், நம் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த மாதிரி. நாங்கள் மூன்றாவது மாடி, அதனால் ஒன்றும் ஆகவில்லை. கரண்டு இல்லாமல் லிப்ட் நின்றுவிட்டது, குடிதண்ணீர் கேனைத் தோளில் வைத்து மாடி ஏறினோம், அவ்வளவுதான். நாலாவது நாள் கேனை இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இருபத்தாறு வயசு. உனக்கு எழுபத்து மூன்று. நீ இன்னும் தள்ளுவண்டியில் நாலு குடம் வைத்து ஊருணி வரைக்கும் தள்ளிக்கொண்டு போகிறாய். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் உறைக்கவில்லை, பார்.

லாரித் தண்ணீர் குடம் 10 ரூபாய்க்கு வாசலுக்கே வருகிறது. "பத்து ரூவாயா, பொழச்ச மாதிரிதான்" என்று நீ வாங்க மாட்டாய். இனிமேல் வாங்கு. நாளைக்கு இரண்டு குடம் என்றால் மாசம் 600 ரூபாய். இங்கே ஒரு திர்ஹாம் 22 ரூபாய்க்கு மேல் போகிறது, கணக்குப் பார்த்தால் எனக்கு 28 திர்ஹாம் வரவில்லை. சித்தி கணக்கில் தனியாகப் போட்டுவிடுகிறேன், லாரிக்காரருக்கு அவளே கொடுத்துவிடுவாள். இதை நான் கேட்கவில்லை, முடிவு பண்ணிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. வைகாசியில் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தாயா? என்னிடம் மூச்சு விடவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாள் என்று மறைத்திருக்கிறாய். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் ஆடு மேய்த்திருக்கிறாய். எனக்கு ரொம்ப வருத்தம், அப்பத்தா. நான் சின்ன வயசில் கீழே விழுந்துவிட்டு உன்னிடம் மறைத்தால் புளியங்குச்சியை எடுப்பாய். இப்போது நான் எதை எடுப்பது?

டார்ச் லைட் அதற்குத்தான். ராத்திரி கொல்லைப் பக்கம் போகும்போது கையில் வைத்துக்கொள். பெட்டிக்குள் வைக்கக் கூடாது. தலைமாட்டில், வெற்றிலை உரலுக்குப் பக்கத்தில் வை. கயலு, பெட்டிக்குள் போனால் எனக்கு மெசேஜ் போடு.

போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் கண்ணாடியைப் பார்த்தேன். இடது காது பிடி ஒடிந்து, அதில் கறுப்பு நூலைச் சுற்றியிருந்தாய். நூல் நன்றாகத்தான் சுற்றியிருந்தாய், பூக் கட்டுகிற கையல்லவா. ஆனால் அது மதுரையில் கண் ஆபரேஷன் முடிந்தபோது கொடுத்தது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அதில் எழுத்துத் தெரிகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா? இல்லை அதையும் கயல்தான் கோத்துக் கொடுக்கிறாளா? உண்மையைச் சொல்.

இப்படி நான் கண்டுபிடித்தது ஒன்றிரண்டு. நான் பார்க்காதது எத்தனையோ இருக்கும். கொல்லைப் படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் ஊன்றலாமா? ஆட்டுக் கொட்டகைக் கூரை இந்த ஐப்பசி மழைக்குத் தாங்குமா? பிரஷர் மாத்திரையை அந்தம்மா மாசாமாசம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களா, நீயும் தினம் போடுகிறாயா, அல்லது அதுவும் பெட்டிக்குள்தானா? ரேஷன் கடையில் உன் ரேகை தேய்ந்துபோய் விழவில்லை என்று திரும்பத் திரும்ப நடக்கவிட்டார்களே, கண்ணைக் காட்டிப் பதிகிற மிஷின் இப்போது வைத்திருக்கிறார்களா? முதியோர் பணம் 1,200 ஒழுங்காக வருகிறதா? பல் எப்படி இருக்கிறது? முறுக்கை உரலில் இடித்துத் தின்பதாக அம்மா சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய சாமானாகத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. ஒரு கொட்டைப்பாக்குப் பொட்டலம் என்றாலும் சொல். இரண்டு கைத்தறிச் சேலை, பரமக்குடியில் நெய்ததுதான் வேண்டும், பாலியஸ்டர் ஒட்டுகிறது என்றால் அதையும் சொல். கருப்பசாமிக்கு ஆடியில் பொங்கல் வைக்க வேண்டும், காசு அனுப்பு என்றால் அனுப்புகிறேன். சாமானே வேண்டாம், நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ என்று தோன்றினால் அதையும் எழுதச் சொல். எனக்கு லீவு தை மாதம்தான் கிடைக்கும், ஆனாலும் நீ கேட்டாய் என்று தெரிந்தால் மேனேஜரிடம் கேட்க எனக்கு ஒரு தைரியம் வரும்.

பதில் எப்படி அனுப்புவது என்றால், செல்வம் அண்ணன் ஆகஸ்ட் முதல் வாரம் திரும்புகிறார். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் காப்பி வேண்டாம், நீர்மோர் கொடு. இந்தக் கடைசித் தாளின் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். நீ சொல்லச் சொல்லக் கயல் அதில் எழுதட்டும்.

கயலு, "ஒண்ணும் வேணாம்னு எழுது" என்று சொன்னால் எழுதாதே. பேனாவை மூடி வைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் மறுபடி கேள். அப்படியே ஒரு வெள்ளைத் தாளில் அப்பத்தாவின் வலது காலை வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அதையும் சேர்த்துக் கொடு. கூச்சப்படுவாள், விடாதே.

சித்தியைக் கேட்டதாகச் சொல். சாமிக்கு விட்ட அந்தச் செவலைக் கிடாய் இன்னும் முட்டுகிறதா?

இப்படிக்கு
உன் பேரன்
முத்துக்குமார்