மருத்துவமனைக் கணக்கு மேசையில் ஒரு வழக்கு: இருவர் நடிக்கும் பயிற்சி

நடத்துபவருக்கு

இப்பயிற்சி டர்பன், சாட்ஸ்வர்த் பகுதிகளில் பெரியவர்களுக்காக நடக்கும் தமிழ் வகுப்புகளுக்கென்று எழுதப்பட்டது. மருத்துவமனையில் நம்மவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள் என்பது உண்மையே. ஆனாலும் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வீட்டில் உட்கார்ந்து தமிழில் ஒருமுறை வாதிட்டுப் பார்த்தவர், எந்த மொழியிலும் அதை நிதானமாகக் கேட்பார். மொத்தத் தொகையைக் காட்டிக் கோபப்படுபவருக்கு எழுத்தரால் எதுவும் செய்ய முடியாது. ஒரு வரியைச் சுட்டிக்காட்டி அது ஏன் என்று கேட்பவருக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். பங்கேற்பவர்கள் பழக வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

பொதுச் சூழலை இருவரும் படிக்கட்டும். தனிக் குறிப்புகளை வெவ்வேறு தாள்களில் கொடுங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. முதல் சுற்றில் கீழுள்ள உரையாடலை அப்படியே வாசிக்கலாம்.

பொதுச் சூழல்

கமலா அம்மாளுக்கு 68 வயது. 2025 ஜூன் 12, வியாழக்கிழமை இரவு கடுமையான வயிற்று வலியால் துடித்த அவரை, ஆம்புலன்ஸ் அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. இரவு 11.40 மணிக்கு வார்டில் சேர்த்தார்கள். குடல்வால் அழற்சி என்று உறுதியானதும் மறுநாள் காலையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஜூன் 16, திங்கட்கிழமை, இளைஞர் தின விடுமுறையன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். சேர்க்கும்போது குடும்பத்தார் 5,000 ராண்ட் முன்பணம் கட்டியிருந்தார்கள். மெடிக்கல் எய்ட் தன் பங்கைச் செலுத்திவிட்டு, ஜூலை 11 தேதியிட்ட ஸ்டேட்மென்ட்டில் 18,630 ராண்டை நோயாளியின் பொறுப்பில் விட்டது. முன்பணம் போக 13,630 ராண்ட் கேட்டு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்துள்ளது. இன்று ஜூலை 22, செவ்வாய்க்கிழமை.

மருமகள் பிரேமாவுக்கு மட்டும்

உங்களுக்கு 50 வயது. மாமியார் மீது மிகுந்த அன்பு உண்டு; அவர் தன் ஓய்வூதியத்திலிருந்து இந்தப் பணத்தைக் கட்டத் தயாராகிவிட்டார் என்பதே உங்களை இங்கே வரவைத்தது. அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் உங்கள் பையில் இருக்கிறது. கேட்டால்தான் கொடுக்க வேண்டும்.

நான்கு வரிகளில் உங்களுக்குச் சந்தேகம். முதலாவது, நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனைக்குப் போனதற்கான கோ-பேமென்ட், 11,500 ராண்ட். இரண்டாவது, கடைசி நாளுக்குக் கூடுதலாகப் போட்ட அரை நாள் வார்டுக் கட்டணம், 2,100 ராண்ட். மருத்துவர் காலை 10.15-க்கே டிஸ்சார்ஜ் எழுதினார், ஆனால் மருந்துப் பை வரும்வரை 1.40 மணி வரை காத்திருந்தீர்கள். மூன்றாவது, ஒரே ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ் இருமுறை போடப்பட்டுள்ளது. ஒன்றின் விலை 3,850 ராண்ட். நான்காவது, தியேட்டர் 75 நிமிடம். அறுவை மருத்துவர் நாற்பது நிமிடத்தில் முடிந்தது என்று உங்களிடம் சொன்னார். வீட்டுக்குக் கொடுத்த மருந்துகளின் 1,180 ராண்டைப் பற்றி உங்களுக்கு மறுப்பு இல்லை.

கையில் டிஸ்சார்ஜ் சுருக்கமும் உண்டு. அதில் K35.8 என்று எழுதியிருக்கிறது. அதன் முக்கியத்துவம் உங்களுக்கு இன்னும் தெரியாது. எழுத்தர் ஒரு வரிக்குச் சரியான காரணம் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மற்ற வரிகளிலும் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இராது. இன்று எழுத்தில் ஒன்றைப் பெறாமல் திரும்பக் கூடாது.

கணக்கு எழுத்தர் மூட்லிக்கு மட்டும்

உங்களுக்கு 28 வயது. காலையிலிருந்து இரண்டு பேர் உங்களிடம் கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் கெட்டவர் அல்லர். அந்தப் பாத்திரத்தை அப்படி நடிக்காதீர்கள்.

2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் காரணமாக, நோயாளியின் அனுமதி இல்லாமல் அவருடைய நோயைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ பேச முடியாது. முதலில் அதைக் கேளுங்கள்.

திரையில் உங்களுக்குத் தெரிபவை: கணக்கு, நோயைக் குறிக்கும் R10.4 என்ற கோடுடன் மெடிக்கல் எய்டுக்குப் போயிருக்கிறது. அது காரணம் தெரியாத வயிற்று வலிக்கானது. கேஷுவல்ட்டியில் முதலில் பதிந்ததை யாரும் மாற்றவில்லை. கோடை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை, கோடிங் பிரிவுக்கு மட்டுமே உண்டு. கார்ட்ரிட்ஜ் ஒன்று பிரிக்கப்படாமல் திரும்பி வந்ததாகத் தியேட்டர் தாளில் இருக்கிறது, ஆனால் கணக்கில் கழிக்கப்படவில்லை. தியேட்டர் நேரம் சரியானது: நோயாளி உள்ளே வந்தது முதல் வெளியே போனது வரை பதிவேட்டில் 75 நிமிடம்; மெடிக்கல் எய்ட் அதை முழுதாகச் செலுத்திவிட்டது. கூடுதல் அரை நாள் கட்டணத்தை, தாமதம் மருத்துவமனையுடையது என்று வார்டு சிஸ்டர் உறுதிசெய்தால் மேற்பார்வையாளர் நீக்கலாம்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தை அவர் காட்டினால் மட்டுமே கோடின் சிக்கலைச் சொல்லுங்கள். சட்டம் தெரியாது என்று நினைத்து அவரை ஏமாற்றக் கூடாது. அதே வேளையில், மெடிக்கல் எய்ட் கட்டாயம் தந்துவிடும் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது.

உரையாடல்

பிரேமா: வணக்கம் தம்பி. என் மாமியார் கமலா அம்மாளின் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தில் கேட்டிருக்கும் தொகை எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

மூட்லி: வணக்கம் ஆன்ட்டி, உட்காருங்கள். கணக்கு உங்கள் பெயரில் இல்லை என்பதால், அவர் அனுமதித்து எழுதிக் கொடுத்த கடிதம் இருந்தால்தான் நான் திரையைத் திறந்து பேச முடியும். தவறாக எண்ண வேண்டாம், அது சட்டம்.

பிரேமா: கடிதம் இருக்கிறது. அவருடைய அடையாள அட்டை நகலும் சேர்ந்திருக்கிறது.

மூட்லி: நன்றி. மெடிக்கல் எய்ட் செலுத்தாமல் விட்டது 18,630 ராண்ட். முன்பணம் போக மீதியைத்தான் கேட்கிறோம்.

பிரேமா: மொத்தம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரியாகப் போவோம். தியேட்டர் 75 நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். அறுவை மருத்துவர் என் முகத்தைப் பார்த்து நாற்பது நிமிடம் என்று சொன்னாரே?

மூட்லி: அவர் சொன்னது கத்தி வைத்ததிலிருந்து தையல் போட்டது வரைக்கான நேரம், ஆன்ட்டி. நாங்கள் கணக்கிடுவது நோயாளி தியேட்டருக்குள் வந்ததிலிருந்து வெளியே அழைத்துப் போனது வரை. மயக்க மருந்து கொடுக்கும் நேரமும் அதில் அடங்கும். பதிவேட்டின் நகலைத் தருகிறேன். அந்த வரியை மெடிக்கல் எய்டும் முழுதாகச் செலுத்திவிட்டது.

பிரேமா: சரி, அதை நான் விட்டுவிடுகிறேன். நகலை மட்டும் கொடுங்கள். ஆனால் இந்தக் கார்ட்ரிட்ஜ் ஏன் இரண்டு? ஒரே எண், ஒரே நாள்.

மூட்லி: ஒரு நிமிடம் பார்க்கிறேன். ஒன்று பிரிக்காமல் திரும்பி வந்திருக்கிறது, கணக்கில் கழிக்கவில்லை. இது எங்கள் தவறு. 3,850 ராண்டை இன்றே நீக்குகிறேன்.

பிரேமா: நன்றி. கடைசி நாளைக்கு முழுநாள் வார்டுக் கட்டணம் போட்டிருக்கிறீர்கள். நண்பகலுக்கு முன் போனால் அரை நாள் என்று உங்கள் பில்லின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறதே?

மூட்லி: அவர் வார்டை விட்டுப் போன நேரம் 1.40 என்று பதிவாகியிருக்கிறது.

பிரேமா: மருத்துவர் 10.15-க்கு எழுதிவிட்டார். விடுமுறை நாள் என்பதால் உங்கள் மருந்தகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். என் மாமியார் உடுப்பு மாற்றி, பையைக் கட்டி, கட்டிலில் உட்கார்ந்து மூன்றரை மணி நேரம் காத்திருந்தார். அந்த நேரத்துக்கு 68 வயது நோயாளியிடம் பணம் கேட்பது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மூட்லி: நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நானே நீக்க முடியாது. வார்டு சிஸ்டரின் குறிப்பு வேண்டும். இன்றே அவருக்கு எழுதி, மேற்பார்வையாளரிடம் கொடுக்கிறேன்.

பிரேமா: இனி பெரிய தொகை. ஆம்புலன்ஸ் இங்கே கொண்டு வந்தது. வலியில் கத்திக்கொண்டிருந்தவரை வைத்துக்கொண்டு, எது நெட்வொர்க் மருத்துவமனை என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அதற்கு 11,500 ராண்ட் தண்டனையா?

மூட்லி: அந்த முடிவு மெடிக்கல் எய்டினுடையது, ஆன்ட்டி. நாங்கள் அனுப்பிய கணக்கை வைத்து அவர்கள் அவசரம் இல்லை என்று கருதியிருக்கிறார்கள்.

பிரேமா: அவசரம் இல்லையா? மறுநாள் காலையிலேயே வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்தீர்களே! இதோ மருத்துவர் கொடுத்த சுருக்கம். இதில் என்ன எழுதியிருக்கிறது, பாருங்கள்.

(மூட்லி தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார்.)

மூட்லி: உங்கள் தாளில் K35.8 இருக்கிறது, அது தீவிரக் குடல்வால் அழற்சி. நாங்கள் அனுப்பியது R10.4, அது வெறும் வயிற்று வலி. அவரைச் சேர்த்தபோது பதிந்த கோடே கடைசிவரை நின்றுவிட்டது.

பிரேமா: அதனால் என்ன மாறும்?

மூட்லி: நிறைய மாறலாம். 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின்கீழ், எந்தத் திட்டமானாலும் கட்டாயம் முழுதாகச் செலுத்த வேண்டிய சிகிச்சைகளின் பட்டியல் உண்டு. அதைப் பி.எம்.பி. என்கிறோம். தீவிரக் குடல்வால் அழற்சி அதில் இருக்கிறது. அவசரத்தில், விரும்பித் தேர்ந்தெடுக்காமல் நெட்வொர்க்குக்கு வெளியே வந்தவரிடம் கோ-பேமென்ட் வாங்கக் கூடாது என்பதும் விதி. ஆனால் கோடை மாற்றுவது கோடிங் பிரிவு. முடிவு சொல்வது மெடிக்கல் எய்ட். நான் வாக்குக் கொடுக்க முடியாது.

பிரேமா: வாக்கு வேண்டாம் தம்பி. திருத்திய கணக்கு எப்போது போகும், அதுவரை இந்தக் கடன் வசூலிப்பவர்களிடம் போகாது என்பது எழுத்தில் வேண்டும்.

மூட்லி: தவறான கணக்கைத் திருத்தி அனுப்ப, மெடிக்கல் எய்ட் அறிவித்த நாளிலிருந்து அறுபது நாள் உண்டு; ஆகையால் செப்டம்பர் 9 வரை நேரம் இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லிக் கோடிங் பிரிவுக்கு எழுதுகிறேன். பதில் வரும்வரை கணக்கை நிறுத்திவைப்பதாகக் கடிதம் தருகிறேன்.

பிரேமா: அவர்கள் அப்போதும் மறுத்தால்?

மூட்லி: முதலில் மெடிக்கல் எய்டிடமே எழுத்தில் முறையிடுங்கள். அதிலும் தீராவிட்டால் கவுன்சில் ஃபார் மெடிக்கல் ஸ்கீம்ஸிடம் புகார் கொடுக்கலாம். அந்தக் கோப்புக்கு நான் தரும் நகல்கள் எல்லாம் தேவைப்படும்.

பிரேமா: எல்லாம் சரியாக முடிந்தால் எங்கள் பங்கு எவ்வளவு?

மூட்லி: வீட்டு மருந்துக்கான 1,180 ராண்ட் மட்டும். அப்படியானால் முன்பணத்தில் 3,820 ராண்டை நாங்கள் திருப்பித் தர வேண்டும். ஆனால் மெடிக்கல் எய்ட் செலுத்திய பிறகுதான்.

பிரேமா: அந்த வாக்கியத்தையும் கடிதத்தில் எழுதுங்கள்.

மூட்லி: எழுதுகிறேன். உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

இரண்டாம் சுற்று

இப்போது உரையாடலை மூடிவைத்துவிட்டுத் தனிக் குறிப்புகளோடு மட்டும் நடிக்கட்டும். பிரேமாவிடமிருந்து அனுமதிக் கடிதத்தை எடுத்துவிடுங்கள். கணக்கைத் திறக்க முடியாத எழுத்தரிடம், பொதுவான விதிகளைக் கேட்டறிந்து, எந்தெந்தத் தாள்களோடு திரும்பி வர வேண்டும் என்பதைப் பிரேமா பெற்றுக்கொள்ள வேண்டும். எழுத்தராக நடிப்பவர் இரக்கத்தால் திரையைத் திறந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். வகுப்பில் வயதில் மூத்தவர் யாரேனும் இருந்தால், இம்முறை அவரையே எழுத்தராக்கி, பிரேமாவாக ஓர் இளையவரை நிறுத்துங்கள். தம்பி என்று உரிமையோடு அழைக்க முடியாத இடத்தில், சொற்களை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்பது அப்போது தெரியும்.